ஏசிஎஃப் படத்தில் 29ஆவது கம்பி பட்டைக்கு வெளியே நிற்கிறது: தற்செயலா, வேறேதுமா?

பார்சல்பையன்

எல்லாருக்கும் வணக்கம். மாமா புறக்கோட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மத்தியானச் சோற்றுப் பார்சல்தான் முக்கிய வியாபாரம், பெரும்பாலும் கோட்டைப் பக்கக் கந்தோர்களுக்குப் போகிறது. அவருடைய கொப்பியில் இருந்து 2023, 2024 இரண்டு வருடத்துக்கும் நாளுக்கு எத்தனை பார்சல் விற்றது என்று கணினியில் ஏற்றிவிட்டேன். ஒரு நாளும் விடுபடாமல் 731 நாள். கிழமை நாளில் 180 அளவில் போகும், சனி 90, ஞாயிறு 50.

பைதானில் `plot_acf` போட்டு, ஒரு நாள் விற்பனை அதற்குச் சில நாள் முந்திய விற்பனையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தேன். எத்தனை நாள் தள்ளி என்பதுதான் லாக். லாக் 1 இல் 0.27. 2 முதல் 5 வரை கீழே, எல்லாம் -0.3 அளவில். 7, 14, 21, 28 இல் பெரிய கம்பிகள், 0.77, 0.76 என்று. படம் 29 இல் நின்றுவிடுகிறது. கிட்டத்தட்ட எல்லாக் கம்பியும் நிழல் பட்டைக்கு வெளியேதான். அந்தப் பட்டையும் இடப்பக்கம் ஒடுங்கி வலப்பக்கம் புனல் மாதிரி விரிகிறது.

கேள்வி இதுதான்: பட்டைக்கு வெளியே வந்த ஒவ்வொரு கம்பிக்கும் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? நாளைக்கு எத்தனை பார்சல் கட்டுவது என்று மாமாவுக்குச் சொல்ல இதை எப்படிப் பாவிப்பது?

மருதானை மச்சான்

சுலபம் மச்சான். பட்டைக்கு வெளியே வந்தால் 95% நிச்சயம், அது உண்மையான தொடர்பு. உள்ளே இருந்தால் குப்பை. உன்னுடையதில் வாரச் சுழற்சி அப்பட்டமாகத் தெரிகிறது. 1, 7, 14, 21, 28 ஐந்தையும், முந்திய நாட்களை வைத்துக் கணிக்கிற ஏஆர் மாடலில் போட்டுவிடு, வேலை முடிந்தது. புனல் மாதிரிப் பட்டையை விட்டுத் தள்ளு, ஆரில் போட்டால் நேர்கோடுதான் வரும். பைதான்காரர் ஏதோ குழப்பி வைத்திருக்கிறார்கள்.

பங்குச்சந்தைச் சிவா

எனக்கும் இதே பிரச்சினைதான். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணை எடுத்துப் போட்டேன். 1 முதல் 40 வரை எல்லாக் கம்பியும் வெளியே, 0.99 இல் தொடங்கி மெதுவாக இறங்குகிறது. அப்படியென்றால் 40 நாளுக்கு முந்திய விலை இன்றைய விலையைத் தீர்மானிக்கிறது என்றுதானே பொருள்? இதை வைத்து வாங்கி விற்கலாமா?

ரேணுகா

சிவா, உங்களுடையது வேறு கதை. விலையையே அப்படியே போட்டால் நேற்றைய விலைக்குப் பக்கத்தில்தான் இன்றைய விலை இருக்கும். அதுக்கு மேல் அந்தப் படம் ஒன்றும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் வந்த மாற்றத்தை எடுத்து மறுபடி போடுங்கள், அந்த 40 கம்பியில் எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள். அதற்கு முதல் காசைப் போடாதீர்கள்.

இப்போது பார்சல் தம்பி. மச்சான் வாரச் சுழற்சியைக் கண்டுபிடித்தது சரி. வைத்தியம்தான் பிழை. கம்பி வெளியே வந்ததைப் பார்த்தால் போதாது, அவை என்ன உயரத்தில் வருகின்றன என்றும் பாருங்கள். போன வியாழன் கூடுதலாக விற்றதால்தான் இந்த வியாழனும் கூடுதலாக விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்றின் கையைப் பிடித்து ஒன்று வருமென்றால் 7 இல் 0.77 இருக்கும், 14 இல் 0.77 ஐ 0.77 ஆல் பெருக்கிய 0.59 இருக்கும், 28 இல் 0.35 க்கு வந்துவிடும். உங்களுடையது அப்படி இறங்கவே இல்லை. நாலும் ஒரே உயரத்தில் தூண் மாதிரி நிற்கின்றன. அதாவது போன வியாழனுக்கும் இந்த வியாழனுக்கும் நேரடி உறவு ஏதும் இல்லை. இரண்டும் வியாழன், இரண்டிலும் கந்தோர் திறந்திருந்தது, அவ்வளவுதான். 2 முதல் 5 வரை கீழே போவதும் அதே காரணம்தான்: இரண்டு மூன்று நாள் தள்ளிப் பார்த்தால் கிழமை நாள் சனி ஞாயிறோடு சோடி சேர்ந்துவிடுகிறது. இருபது கம்பிக்கு மேல் வெளியே நிற்கிறது, ஆனால் சேதி ஒன்றுதான்.

பட்டையும் குழப்பம் இல்லை. நேர்கோட்டுப் பட்டை கேட்கிற கேள்வி ஒன்று: இந்தத் தொடரில் எதுவுமே இல்லை, வெறும் இரைச்சல் என்றால் கம்பி எவ்வளவு தூரம் தற்செயலாக ஆடும்? 731 நாளுக்கு அது ±0.07. `plot_acf` சும்மா விட்டால் வேறு கேள்வி கேட்கிறது: இந்தக் கம்பிக்கு இடப்பக்கம் உள்ளவை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டால், இது எவ்வளவு ஆடும்? இடப்பக்கம் பெரிய கம்பிகள் சேரச் சேரப் பட்டை அகலும். உங்கள் படத்தில் 29 க்கு வரும்போது 0.22 அளவுக்குப் போயிருக்க வேண்டும். `bartlett_confint=False` கொடுத்தால் மச்சானின் நேர்கோடு வந்துவிடும். இரண்டும் சரி, கேள்விதான் வேறு. ஆனால் இப்படி விரிந்த பட்டைக்குள் சின்னக் கம்பி எது இருந்தாலும் கண்ணுக்குப் படாது. முதலில் கிழமையைக் கழித்துவிடுங்கள்:

```python
r = s - s.groupby(s.index.dayofweek).transform("mean")
plot_acf(r)
```

பிறகு வந்து சொல்லுங்கள்.

பார்சல்பையன்

நன்றி அக்கா. போட்டேன். 7, 14, 21, 28 எல்லாம் போய்விட்டன. லாக் 1 இல் 0.31, 2 இல் 0.14, பிறகு எல்லாம் பட்டைக்குள் அடங்கிவிட்டது. பட்டையும் ஒடுங்கி 0.08 அளவில் இருக்கிறது. ஆனால் கடைசிக் கம்பி, 29, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 0.10. முதல் படத்தில் இது இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

29 ஐயும் மாடலில் சேர்க்கவா?

சுடுதண்ணி

வேண்டாம். இந்த மாதிரிக் கம்பியைத் துரத்திக்கொண்டு போய் மூன்று மாதம் வீணாக்கியவன் நான். 95% பட்டை என்றாலே, ஒன்றும் இல்லாத தொடரிலும் இருபதுக்கு ஒரு கம்பி வெளியே வரத்தான் செய்யும். உங்களிடம் 29 கம்பி. ஒன்று ஒன்றரை தற்செயலாக வெளியே வருவது எதிர்பார்த்ததுதான். அதுவும் 0.08 க்கு 0.10. மறந்துவிடுங்கள்.

மச்சான் சொன்ன «95% நிச்சயம்» என்பதும் தலைகீழ். ஒன்றும் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வாய்ப்புத்தான் 95%. வெளியே வந்தது உண்மையாக இருக்கும் வாய்ப்பு அல்ல.

மருதானை மச்சான்

சரி சரி, அந்த 95 ஐ ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 29 இல் ஏதோ இருக்கு என்று என் மனம் சொல்லுது. மாதச் சம்பளமாக இருக்கலாமே?

தெகிவளை வேணி

நான் உங்கள் கணக்கு ஒன்றும் படித்தவள் இல்லை, வங்கியில் கவுண்டரில் இருக்கிறேன். சம்பளம் என்றால் 30, 31 இல் எல்லோ வரவேண்டும். 29 நாள் என்றால் போயா, பௌர்ணமி லீவு! பறுவத்துக்குப் பறுவம் இருபத்தொன்பதரை நாள். போயாவுக்கு நாங்கள் பூட்டு, கோட்டை முழுக்கக் கந்தோர் பூட்டு. பார்சல் யார் வாங்குவது?

பார்சல்பையன்

ஐயோ. இரண்டு வருடமாக அந்தக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தோன்றவே இல்லை.

ரேணுகா

வேணி சொன்னது அருமையான ஊகம். ஆனால் ஊகம் பிடித்திருக்கிறது என்பதால் சுடுதண்ணி சொன்னது பொய்யாகிவிடாது. 0.10 ஒன்றை மட்டும் வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு காரியம் செய்வோம். போயாதான் காரணம் என்றால் வேறு எங்கே கம்பி வரவேண்டும் என்று படம் போடுவதற்கு முன்பே எழுதி வைப்போம்.

சந்திரனுக்கு 29.53 நாள். நாட்காட்டியில் அரை நாள் கிடையாது, ஆகவே இடைவெளி ஒரு தரம் 29, ஒரு தரம் 30 என்று மாறி மாறி வரும். அப்படியென்றால் பலம் இரண்டாகப் பிரிந்து 29 இலும் 30 இலும் பாதிப் பாதியாக விழும். உங்கள் படம் 29 இல் வெட்டுப்பட்டதால் 30 ஐ நீங்கள் பார்க்கவே இல்லை. இரண்டு பறுவம் சேர்ந்தால் 59.06, கிட்டத்தட்ட முழு எண். எனவே 59 இல் வரும் கம்பி 29 ஐ விட உயரமாக இருக்கவேண்டும். சாதாரணமாகத் தூரம் போகப் போகக் கம்பி குறையும், இது கூடவேண்டும். தற்செயலாக இப்படி நடப்பது கஷ்டம். 30 வெறுமையாக இருந்து 59 உம் உள்ளே கிடந்தால், சுடுதண்ணி வென்றார், நான் ஒதுங்கிவிடுகிறேன்.

`plot_acf(r, lags=65)` போடுங்கள்.

பார்சல்பையன்

30 இல் 0.09. பட்டையை உரசிக்கொண்டு நிற்கிறது. 59 இல் 0.14, நன்றாக வெளியே! 58, 60 இரண்டும் உள்ளேதான்.

வேறு ஒன்று, 17 இல் -0.08, அதுவும் கோட்டில் நிற்கிறது.

சுடுதண்ணி

சரி, 59 க்கு என்னிடம் பதில் இல்லை. போயாவை ஏற்றுக்கொள்கிறேன். 17 ஐ மட்டும் யாரும் தொடவேண்டாம். 65 கம்பி போட்டால் மூன்று வெளியே வருவது வழக்கம்.

ரேணுகா

இன்னொரு வேலை இருக்கிறது, இதை யாரும் செய்வதில்லை. கம்பி எத்தனை சோடி நாட்களின் மேல் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 731 நாள் என்று பட்டை நினைக்கிறது. ஆனால் இந்தக் கம்பியைத் தூக்கிப் பிடிப்பது போயா நாட்கள் மட்டும்தான்.

நான் நாட்காட்டியைப் பார்த்து எண்ணினேன். இரண்டு வருடத்தில் 25 போயா (2023 ஓகஸ்டில் 1 ஆம் திகதியும் 30 ஆம் திகதியும் என்று இரண்டு வந்தது). அதில் 7 சனி ஞாயிறில் விழுந்தவை. 2024 மார்ச் 24 ஞாயிறு, உதாரணத்துக்கு. அன்றைக்கு உங்கள் கடையில் எப்படியும் 50 பார்சல்தான், போயாவால் இழக்க ஒன்றுமில்லை. மிச்சம் 18. இந்தப் பதினெட்டுக்குள் சரியாக 29 நாள் இடைவெளியில் வரும் சோடி ஆறே ஆறு: 2024 ஜனவரி 25 வியாழனும் பெப்ரவரி 23 வெள்ளியும் ஒன்று, ஓகஸ்ட் 19 திங்களும் செப்டெம்பர் 17 செவ்வாயும் ஒன்று, இப்படி. 30 நாளிலும் ஆறு. 59 நாளில் எட்டு. நீங்கள் கண்ட உயரமும் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

ஆறு சோடியில் ஒன்றை எடுத்துவிட்டால் 0.10 உங்கள் பட்டையின் விளிம்புக்கு இறங்கிவிடும். ஆகவே 29 ஐ லாக் ஆக மாடலில் போடாதீர்கள். போட்டால் ஒவ்வொரு நாளும் 29 நாளுக்கு முந்திய விற்பனையைப் பார்த்துத் தலையாட்டும், அதில் முப்பதுக்கு ஒரு நாள்தான் போயா. அடுத்த போயா எப்போது என்று நாட்காட்டியே சொல்லும்போது அதைக் கம்பியில் தேடுவானேன்.

பார்சல்பையன்

போயாவுக்கு 0, 1 என்று ஒரு நிரல் சேர்த்து, கிழமைச் சராசரியோடு அதையும் கழித்துப் பார்த்தேன். 29 குறைந்தது. ஆனால் மீதியை வரைந்து பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைப் போயாக்கள் எல்லாம் 70 பார்சல் மேலே குதித்து நிற்கின்றன! மார்ச் 24 உம் அப்படித்தான்.

ரேணுகா

ஞாயிறிலும் போயாவுக்காகக் குறைத்துவிட்டீர்கள், அங்கே குறைய ஒன்றுமே இருக்கவில்லை. கிழமை நாளில் வரும் போயாவை மட்டும் வாரத்தின் எட்டாவது நாளாக நினைத்துக்கொள்ளுங்கள். `poya` என்பது அதே திகதிகளுக்கு `True`, `False` உள்ள நிரல்:

```python
g = pd.Series(s.index.dayofweek, index=s.index)
g[poya & (g < 5)] = 7
r2 = s - s.groupby(g).transform("mean")
```

மே 1, சித்திரை வருடப்பிறப்பு, நத்தார் போன்ற நாட்களையும் அதே எட்டாம் நாளில் போடலாம். அவை வருடத்துக்கு ஒரு முறை வருவதால் 65 லாக்குக்குள் கம்பியாகத் தெரியவில்லை, ஆனால் இரைச்சலைக் கூட்டிக்கொண்டு இருக்கும்.

பார்சல்பையன்

இப்போது 29, 30, 59 மூன்றும் உள்ளே. ஆனால் ஒரு விசித்திரம். லாக் 1 கூடிவிட்டது! 0.31 ஆக இருந்தது 0.46. நான் ஒன்றைக் கழித்தால் குறைய வேண்டாமா?

மருதானை மச்சான்

அதுதான் பார்த்தாயா, கழிக்கக் கழிக்க இல்லாததெல்லாம் வரும். நான் முதலிலேயே சொன்னேன்.

ரேணுகா

இல்லை மச்சான், இது வரவேண்டியது. போயாவன்று விற்பனை 80 க்கு விழுகிறது, அடுத்த நாளே 180 க்குத் திரும்பிவிடுகிறது. ஒரு நாள் பள்ளம். அந்தப் பதினெட்டுப் பள்ளமும் மொத்த ஆட்டத்தைக் கூட்டின, ஆனால் நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள உறவில் ஒன்றும் சேர்க்கவில்லை. வகுக்கும் எண் பெரிதாக இருந்தது, அதனால் கம்பி குள்ளமாகத் தெரிந்தது. பள்ளத்தை நிரப்பியதும் உண்மையான உயரம் வந்துவிட்டது. லாக் 2 இப்போது எவ்வளவு? 0.21 பக்கத்தில் இருக்கவேண்டுமே?

பார்சல்பையன்

0.20! எப்படிச் சொன்னீர்கள்?

ரேணுகா

0.46 ஐ 0.46 ஆல் பெருக்கினேன். இதுதான் கையைப் பிடித்து வருகிற உறவு. இன்றைக்கு வழமையை விடக் கூட விற்றால் நாளைக்கும் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கூட விற்கும், மறுநாள் அதிலும் பாதி. 7 இல் தூண் மாதிரி நின்றதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இப்போது தெரிகிறதா?

ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மழையாக இருக்கலாம், கொழும்பில் மழை பிடித்தால் நாலைந்து நாள் விடாது. ஒன்று கேட்கிறேன். கொப்பியில் இருப்பது விற்ற எண்ணிக்கையா, கட்டிய எண்ணிக்கையா?

பார்சல்பையன்

விற்றது. ஆனால் பெரும்பாலான நாள் ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். மிஞ்சுவது அபூர்வம்.

சுடுதண்ணி

அப்படியென்றால் மாமா நாளைக்கு எத்தனை கட்டுவார்? இன்றைக்கு எத்தனை போனது என்று பார்த்துத்தானே?

பார்சல்பையன்

ஆம். இன்றைக்குச் சீக்கிரம் முடிந்தால் நாளைக்குப் பத்துக் கூட்டுவார். மிஞ்சினால் குறைப்பார்.

சுடுதண்ணி

சரிதான் போங்கள். லாக் 1 வாடிக்கையாளருடையது இல்லை, மாமாவுடையது. அதிகபட்சம் எத்தனை விற்கலாம் என்பதை அவரே முதல் நாள் தீர்மானித்துவிடுகிறார்.

ரேணுகா

முழுக்க மாமா என்று சொல்லமாட்டேன், மழையும் சேர்ந்திருக்கலாம். இந்தத் தரவில் இரண்டையும் பிரிக்க வழியில்லை. பார்சல் எத்தனை மணிக்கு முடிந்தது, அதற்குப் பிறகு வந்து திரும்பிப் போனவர் எத்தனை பேர் என்று குறித்து வைத்தால்தான் பிடிபடும்.

பங்குச்சந்தைச் சிவா

நாள் மாற்றத்தை எடுத்துப் போட்டேன். லாக் 1 மட்டும் கொஞ்சம் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. இதிலாவது காசு பார்க்கலாமா?

தெகிவளை வேணி

தம்பி சிவா, தரகுக் கூலியைக் கழித்துவிட்டுப் பாருங்கோ.

பார்சல்பையன்

இரவு மாமாவிடம் படத்தைக் காட்டி, போயாவுக்கு 80 பார்சல்தான் போகிறது என்று கண்டுபிடித்திருக்கிறோம் என்றேன். «போகிறதா? நான் 80 தானே கட்டுறனான், போயாவுக்குப் பொடியன்கள் இரண்டு பேர் லீவு» என்றார். அன்றைக்கு எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டேன். பன்னிரண்டரைக்கு முடிந்துவிடுமாம்.

நாளைக்குக் கொப்பியில் இரண்டு நிரல் கூடப் போடுகிறேன்.

மருதானை மச்சான்

அந்த 17 ஐயும் மாமாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாரேன்.